நாற்பது டெசிபல் இடைவெளி: தேயிலை மலையில் ஒலிநூல் செய்வது பற்றி

மலையக எழுத்தை ஒலிநூலாக்குவதென்றால் மலையகத்துக் குரலே அதை வாசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சி. வி. வேலுப்பிள்ளையின் கதைமாந்தர்களும் தெளிவத்தை ஜோசப்பின் கதைமாந்தர்களும் பேசுவதை, லயம், காம்பரா, பிரட்டு, கொழுந்து என்ற சொற்களோடு வளர்ந்த ஒருவர் வாசித்தால் அதன் ஏற்ற இறக்கம் தானாகவே வந்துவிடும். வெளியூர்க் குரலுக்கு அதைப் பழக்கிக் கொடுப்பது கடினம். ஆனால் எட்டு மணி நேரம் ஓடும் ஒரு நாவலைப் பதிவு செய்ய அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் மைக்கின் முன் உட்கார வேண்டும். அத்தனை நாளும் கொழும்பில் தங்கி ஸ்டூடியோ வாடகை கொடுக்க ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு வழியில்லை. அவர் தன் வீட்டிலேயே வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் பதிவான ஒலி, விற்பனைத் தளங்கள் கேட்கும் அளவுகளுக்குள் வருமா, எந்த அளவுக்கு வரும், எங்கே வராது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்த அளவுகளைப் பார்த்துவிடலாம். ஆடிபிள் தளத்துக்கு நூல்களைத் தரும் ஏசிஎக்ஸ் வகுத்த விதிகள்தான் இன்று துறையின் பொது அளவுகோல். ஏசிஎக்ஸில் நேரடியாகக் கணக்குத் திறக்க அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கே இடமுண்டு. இலங்கையில் இருப்பவர் வேறு விநியோக நிறுவனம் வழியாகவோ, அந்நாடுகளில் உள்ள உரிமையாளர் ஒருவர் வழியாகவோதான் போக வேண்டும். ஆனாலும் அந்த அளவுகளுக்குச் செய்து வைத்த கோப்பு மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அப்படியே செல்லும் என்பதால் அவற்றை இலக்காக வைத்துக்கொள்வதே நல்லது.

அவை மூன்று எண்கள். ஓர் அத்தியாயத்தின் சராசரி ஒலியளவு, அதாவது ஆர்.எம்.எஸ் கணக்கு, −23 டெசிபலுக்கும் −18 டெசிபலுக்கும் நடுவே இருக்க வேண்டும். எந்தக் கணத்திலும் உச்சம் −3 டெசிபலைத் தாண்டக் கூடாது. யாரும் பேசாத இடத்தில் எஞ்சியிருக்கும் அடியிரைச்சல் −60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். இதோடு ரூம் டோன் என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்லும் அறையொலி, அதாவது ஆள் இருந்தும் பேசாமல் இருக்கும் அறையின் இயல்பான மெல்லிய ஒலி, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது இருக்க வேண்டும். தொடக்கத்தில் அரை விநாடி முதல் ஒரு விநாடி, முடிவில் ஒன்று முதல் ஐந்து விநாடி என்பது நெடுநாள் வழக்கம். கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸில், 192 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேற்பட்ட, மாறாத பிட் விகித எம்பி3 ஆக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது.

இந்த மூன்று எண்களையும் தனித்தனி விதிகளாகப் படிப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். சேர்த்துப் படித்தால் விஷயம் வேறாகத் தெரியும். குரலின் சராசரி ஏறத்தாழ −20இல் நிற்க வேண்டும், இரைச்சல் −60ஐத் தாண்டக் கூடாது என்றால் இரண்டுக்கும் நடுவே 40 டெசிபல் இடைவெளி வேண்டும் என்று பொருள். வீச்சுக் கணக்கில் அது நூறு மடங்கு. கணினியில் ஒலியைக் கூட்டினால் குரலும் இரைச்சலும் ஒரே அளவு ஏறும்; குறைத்தால் ஒரே அளவு இறங்கும். இடைவெளி மாறவே மாறாது. ஆகவே மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில் தீர்மானமாவதாக நாம் நினைக்கும் அடியிரைச்சல், உண்மையில் மைக்குக்கு முன்னால், வாசிக்கும் அறையில் தீர்மானமாகிவிடுகிறது. மாஸ்டரிங்கால் ஆவது அந்த இடைவெளியைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், நல்ல வாய்ப்பிருந்தால் பத்துப் பதினைந்து டெசிபல் கூட்டிக் கொடுப்பதும்தான்.

இதை அறையின் பக்கத்திலிருந்தும் சொல்லலாம். இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல் ஒலி அழுத்தம் தரும். வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் அது 70 ஆகும், 15 சென்டிமீட்டரில் 76 ஆகும். நாற்பதைக் கழித்தால், 30 சென்டிமீட்டரில் மைக் வைத்தவரின் அறை 30 டெசிபலுக்குள் அமைதியாக இருக்க வேண்டும்; 15 சென்டிமீட்டரில் வைத்தவருக்கு 36 வரை இடமுண்டு. தூரத்தைப் பாதியாக்கினால் கிடைக்கும் இந்த 6 டெசிபலுக்குப் பணம் எதுவும் செலவாவதில்லை. விலை கூடிய மைக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். இன்னும் நெருங்கினால் மூச்சும் ‘ப’கர வெடிப்பும் மைக்கில் மோதும், அடிக்குரல் அளவுக்கு மீறித் தடிக்கும். ஆகவே ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைவாக, வாய்க்கு நேரே அல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, முன்னால் மெல்லிய துணித் தடுப்பு ஒன்றை மாட்டிவிட வேண்டும்.

மலையகத்து அறைகளுக்கு வருவோம். பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, சிமெந்து பூசிய சுவர், மேலே தகரம். பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் ஒரே சுவர்தான். சிமெந்துச் சுவர்கள் நேருக்கு நேர் நிற்பதால் கைதட்டினால் ‘டிர்ர்’ என்று ஓர் எதிரொலி வரும். இந்த எதிரொலியைக் கம்பளி நன்றாகவே அடக்கும். குளிர் நாட்டில் எந்த வீட்டிலும் கம்பளிக்குப் பஞ்சமில்லை. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் தலைக்கு மேலும் கம்பளியை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டால் குரல் உடனே நெருக்கமாகக் கேட்கும். ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கம்பளி உள்ளே எழும் எதிரொலியை உறிஞ்சுமே தவிர வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் இரண்டுமே இல்லை. கம்பளி கட்டிய பிறகும் அடியிரைச்சல் எண் அசையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. கம்பளி அந்த எண்ணுக்காகக் கட்டப்படுவதே இல்லை.

ஆகவே வெளியிலிருந்து வரும் ஒலி எது என்று பிரித்தறிவதுதான் வேலையின் நடுப்பகுதி. மலையகத்தில் அதை மூன்று வகையாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வடிகட்டியால் போகக்கூடியது ஒன்று, பாதி போவது ஒன்று, போகவே போகாதது ஒன்று.

போகக்கூடியது உறுமல் வகை. சந்தியில் ஏறும் லொறியின் இரைச்சல், காற்று சுவரில் மோதும் அதிர்வு, பக்கத்துக் காம்பராவின் காலடி எல்லாம் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கின்றன. பெண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸிலிருந்தும் ஆண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்தும் தொடங்குவதால், அதற்குக் கீழே உள்ளதை வெட்டி எறிந்தாலும் குரலுக்கு ஒன்றும் ஆகாது. கேட்பவரின் காதுக்கு இந்த உறுமல் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் ஆர்.எம்.எஸ் கணக்கு காதைப் போலச் சலுகை காட்டுவதில்லை. காது கவனிக்காத தாழ்சுருதியையும் அது முழுசாகக் கூட்டிக்கொள்ளும். ‘அறை அமைதியாகத்தானே இருந்தது, எப்படி −52 காட்டுகிறது’ என்ற திகைப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உயர்சுருதியை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று போட்டதும் எண் திடீரென்று இறங்கும்.

பாதி போவது சுருதி பிடித்த இரைச்சல். இதில் மின்சாரத்தின் முனகல் ஒன்று. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று கூர்மையான கோடுகளாக அது நிற்கும். எர்த் இல்லாத பிளக்கில் மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் இது வரும். சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். வடிகட்டியைத் தேடிப் போகுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று தோட்டத்துக்கே உரியது. பகலில் பறித்த கொழுந்தைப் பெக்டரியில் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறிகளால் காற்றடித்து இரவு முழுவதும் வாட்டுகிறார்கள். அரைக்கும் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். இரவில் ஊர் அடங்கிய பிறகு வாசிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு, ஊர் அடங்கும் நேரத்தில்தான் விசிறிகள் ஓடத் தொடங்குகின்றன. விசிறியின் ஓசை எந்தச் சுருதியில் நிற்கும் என்பது எளிய கணக்கு: நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அறுபதால் வகுத்து இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 960 சுற்று, ஆறு இறக்கை என்றால் 96 ஹெர்ட்ஸ். பெண்குரல் என்றால் 120 ஹெர்ட்ஸ் வரை வெட்டி இதைப் பெருமளவு நீக்கிவிடலாம். ஆண்குரல் என்றால் அதே 96 அவருடைய அடிச்சுருதியின் நடுவில் விழும். வெட்டினால் குரலும் மெலியும். அதே விசிறி 1,440 சுற்றில் ஓடினால் 144 ஹெர்ட்ஸ் ஆகிறது. அப்போது அந்த ஒரு சுருதியை மட்டும் ஊசி போலக் குத்தி எடுக்கும் குறுகிய வடிகட்டிதான் வழி. அதையும் அளவாகவே போட வேண்டும்.

போகவே போகாதது மழை. தகரத்தில் விழும் மழையின் ஒலி தாழ்சுருதியிலிருந்து மிக உயர்சுருதி வரை எல்லா இடத்திலும் பரந்து கிடக்கும். குரல் வாழும் இடத்திலேயே அதுவும் வாழும். பெருமழையில் காம்பராவுக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தூறலில்கூட 40 டெசிபல் இடைவெளி கிட்டாது. இதற்கு மென்பொருளில் மருந்தில்லை, நாட்காட்டியில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்கள்தான், திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் கூடும் அதே மாதங்கள்தான், ஒலிப்பதிவுக்கும் உகந்தவை. அந்த மாதங்களிலும் மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்தில் இரவு முழுவதும் தப்பு ஒலிக்கும். அந்த நாட்களைப் பதிவுக்கு ஒதுக்கக் கூடாது என்பதை அந்தத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

வறண்ட மாதத்து இரவைப் பற்றி இன்னொன்று. பனி இறங்கும் தெளிந்த, காற்றில்லாத இரவில் நுவரெலியா போன்ற இடங்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேல்நோக்கிப் போகும் ஒலி அந்த அடுக்கில் வளைந்து மறுபடி தரைக்கு இறங்கும். அதனால் பகலில் கேட்கவே கேட்காத தூரத்துப் புகைவண்டியின் ஊதலும் அடுத்த மலையின் ஒலிபெருக்கியும் அந்த இரவில் வாசலில் நிற்பதுபோல் கேட்கும். அமைதி என்று நாம் நினைக்கும் இரவு தொலைவு ஒலிகளுக்குத் திறந்த கதவாக இருப்பது இதனால்தான். பெக்டரிக்கு அருகில் இருப்பவர்களுக்கு, ஆட்கள் மலைக்குப் போய்விட்ட, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் முற்பகல் பெரும்பாலும் இரவைவிட நல்ல நேரமாக அமையும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் நான்கைந்து வேளைகளில் அதே இடத்தில், அதே மைக் அளவில், யாரும் பேசாமல் முப்பது முப்பது விநாடி பதிவு செய்து ஒப்பிட்டால் எந்த வேளை என்பது தெரிந்துவிடும்.

இனி ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள்தாம். ஆனால் இத்தகைய அறைகளில் வரக்கூடியவை. பெண்குரல், காம்பராவில், 30 சென்டிமீட்டர் தூரத்தில், மழையில்லாத முற்பகலில் வாசித்த மூன்றாம் அத்தியாயம். முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஒடாசிட்டியில் இதற்கென்று `ACX Check` என்ற செருகுநிரல் இருக்கிறது. கட்டளை வரியில் செய்பவர்களுக்கு இரண்டு வரி போதும். முதலாவது முழுக் கோப்பையும், இரண்டாவது தொடக்கத்து அறையொலியை மட்டும் அளக்கும்.

```
ffmpeg -i adhyayam03.wav -af astats -f null -
ffmpeg -ss 0.1 -t 0.7 -i adhyayam03.wav -af astats -f null -
```

திரையில் ஓடும் வரிகளில் `RMS level dB`, `Peak level dB` என்ற இரண்டைப் பார்த்தால் போதும். நம் கோப்பில் குரலின் சராசரி −29, உச்சம் −8, அறையொலி −54 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 25தான். இதை அப்படியே 9 டெசிபல் கூட்டினால் சராசரி −20க்கு வந்து முதல் விதி நிறைவேறும். ஆனால் அறையொலி −45க்கு ஏறி, உச்சம் +1க்குப் போய் உடையும். உச்சத்தை லிமிட்டர் என்ற கட்டுப்படுத்தி சரிசெய்துவிடும். இரைச்சல் பதினைந்து டெசிபல் தவறிப்போய் நிற்கும்.

அறையொலியின் நிறமாலையைத் திறந்து பார்க்கிறோம். ஒடாசிட்டியில் அந்த இடத்தைத் தேர்ந்து `Plot Spectrum` கொடுத்தால் வரைபடம் வரும். 80க்குக் கீழே பெரிய மேடு, மற்ற இடங்கள் தாழ்வாகக் கிடந்தால் நல்ல செய்தி. 50, 100, 150இல் முட்கள் தெரிந்தால் மின்சாரம். இடமிருந்து வலம்வரை பரந்து உயர்ந்து கிடந்தால் மழையோ, அளவுக்கு மீறித் திருகிய மைக் பெருக்கியின் சீறலோ. நம் கோப்பில் மேடுதான். 80 ஹெர்ட்ஸில் வடிகட்டி போட்டதும் அறையொலி −61க்கு இறங்குகிறது. குரல் −29இலேயே நிற்கிறது. இடைவெளி 32.

இந்த இடத்தில் பலர் அடுத்த மென்பொருளைத் தேடுவார்கள். நான் அத்தியாயத்தை மறுபடி வாசிக்கச் சொல்வேன். மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, குரல் அதே −29இல் நிற்குமாறு மைக் அளவைக் குறைத்து வாசித்தால் இடைவெளி 38 ஆகும். நாற்பதுக்கு இரண்டுதான் குறை. இப்போது இரைச்சல் குறைப்புக் கருவிக்கு வேலை கொடுக்கலாம். அறையொலியை மாதிரியாகக் காட்டி, 6 டெசிபல் மட்டும் குறைக்கச் சொன்னால் இடைவெளி 44. சராசரியை −20இல் நிறுத்தினால் அறையொலி −64இல் நிற்கும். நான்கு டெசிபல் கையில் இருக்கிறது. வேறொரு நாள் வாசித்த அத்தியாயம் சற்று இரைந்தாலும் தாங்கும்.

ஆறுக்கு மேல் ஏன் போகக் கூடாது? பன்னிரண்டு, பதினைந்து என்று கேட்டால் கருவி தரும், எண் அழகாக இறங்கும், ஆனால் குரலின் ஓரங்கள் நீருக்கடியில் பேசுவதுபோல் குழையும். தமிழ் வாசிப்பில் இது இன்னும் விரைவில் காதில் படும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வாக்கியங்கள் பெரும்பாலும் குற்றியலுகரத்திலோ மெல்லிய ‘ம்’, ‘ன்’ ஒலியிலோ முடிகின்றன. ‘வந்தது’, ‘இருக்கு’ என்று முடியும்போது கடைசி உகரம் குரலின் வலு குறைந்து, அறையொலியை ஒட்டிய அளவுக்கே தேய்ந்திருக்கும். மிகையாகக் குறைக்கும் கருவியும், ஒரு வரம்புக்குக் கீழே போனதும் ஒலியையே அடைத்துவிடும் ‘கேட்’ என்ற கருவியும் அந்த உகரத்தை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் வால் அறுந்துபோனது போலிருக்கும்.

இரட்டித்த வல்லினத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘பட்டு’, ‘கொத்து’, ‘பக்கம்’ என்று சொல்லும்போது நடுவில் நாக்கு காற்றை அடைத்து நிற்கும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே போகும். அந்த அடைப்பில் ஒலியில்லை, அறையொலி மட்டும்தான் இருக்கிறது. ‘கேட்’ வேகமாக மூடுமாறு வைத்திருந்தால் சொல்லுக்கு நடுவிலேயே மூடித் திறக்கும். கேட்பவருக்கு ‘ப’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். ஆங்கில வாசிப்புக்கென்று யாரோ பகிர்ந்த அமைப்பை அப்படியே தமிழுக்குப் போடுவதால் வரும் கோளாறு இது. எண் பார்த்துத் தேறும் சோதனை இதைக் கண்டுபிடிக்காது. காதொலிப்பான் மாட்டி, ஒலியைச் சற்றுக் கூட்டி, வாக்கிய முடிவுகளை மட்டும் தாவித் தாவிக் கேட்டால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒலிநூலுக்குக் ‘கேட்’ போடவே வேண்டாம் என்பது என் கட்சி.

அறையொலியைப் பற்றிய விதியும் இங்கேதான் பொருள்படுகிறது. திருத்தும்போது ஒரு பிழையையோ இருமலையோ வெட்டி எடுத்த இடத்தில் கணினி தரும் முழுச் சூனியத்தை ஒட்டிவிட்டால், அளவுகோல் அதை மிக நல்ல அமைதி என்று காட்டும். காது அதைத் திடுமென்று தொடர்பு அறுந்ததாகக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு அமர்விலும் வாசிக்கத் தொடங்குமுன், வாசிப்பவர் அதே இருக்கையில் அசையாமல் அமர்ந்திருக்க, முப்பது விநாடி அறையொலி பதிவு செய்ய வேண்டும். வெட்டிய இடங்களை நிரப்பவும், அத்தியாயத்தின் இரு முனைகளிலும் வைக்கவும், இரைச்சல் குறைப்புக்கு மாதிரியாகக் காட்டவும் அதுவே உதவும். முற்பகலின் அறையொலியை மாலைப் பதிவில் ஒட்டக் கூடாது. மாலையில் சில்வண்டின் கீச்சு கூடியிருக்கும். ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் அடையாளம் காட்டும். தொடக்கத்தில் ஒரு விநாடியும் முடிவில் மூன்று விநாடியும் விடுவது பாதுகாப்பான வழக்கம். தன்னார்வலர்கள் வாசிக்கும் லிப்ரிவாக்ஸ் தளத்துக்கென்றால் முடிவில் ஐந்து விநாடி விட வேண்டும். அங்கே ஒலியளவையும் வேறு அளவுகோலில், 89 டெசிபல் என்று கேட்பார்கள்.

இனி மாஸ்டரிங் என்று பெயர் பெற்ற வேலைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் வரிசை முக்கியம். வடிகட்டி முதலில், ஒலியளவு அடுத்து, லிமிட்டர் கடைசியில். உறுமலை நீக்காமல் ஒலியளவைச் சரிசெய்தால் ஆர்.எம்.எஸ் கணக்கில் உறுமலும் சேர்ந்துகொள்வதால் குரல் வேண்டியதைவிட மெலிந்து நிற்கும். ஓர் அத்தியாயம் உரத்தும் அடுத்தது தணிந்தும் கேட்க இதுவே வழக்கமான காரணம். லிமிட்டரின் எல்லையை விதி சொல்லும் −3இல் வைக்காமல் −3.5இல் வைக்க வேண்டும். எம்பி3 ஆக்கும்போது அலைவடிவம் சற்று மாறி, சில உச்சங்கள் நாம் வைத்த கோட்டைத் தாண்டும். அரை டெசிபல் அதற்கான இடம். அதே காரணத்தால், கடைசிச் சோதனையை மூலக் கோப்பில் செய்யாமல் எம்பி3 ஆன பிறகே செய்ய வேண்டும்.

நம் மூன்றாம் அத்தியாயத்துக்கு, இரைச்சல் குறைப்பு முடிந்த பிறகு, கட்டளை இப்படி அமையும்:

```
ffmpeg -i adhyayam03_nr.wav -af "highpass=f=80,volume=9dB,alimiter=limit=0.668:level=false" -ar 44100 -ac 1 -b:a 192k adhyayam03.mp3
```

`volume=9dB` என்பது இந்தக் கோப்பு −29இல் இருந்தால் மட்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வடிகட்டிய பிறகு அளந்து, −20க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கொடுக்க வேண்டும். `0.668` என்பது −3.5 டெசிபலின் வீச்சு மதிப்பு. `level=false` என்பதை விட்டுவிட்டால் லிமிட்டர் தானாகவே ஒலியை மறுபடி உயர்த்தி உச்சத்தைக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும். கட்டளை வழியில் செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. கட்டளை வேண்டாமென்றால் ஒடாசிட்டியில் இதே மூன்று படிகளையும் கையால் செய்யலாம்: `Filter Curve EQ`-இல் `Low rolloff for speech`, `Loudness Normalization`-இல் ஆர்.எம்.எஸ் −20, `Limiter`-இல் −3.5.

லிமிட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் கணக்கில் உச்சம் −8இலிருந்து +1க்கு ஏறி, நான்கரை டெசிபல் அழுத்தப்படுகிறது. எப்போதோ ஒரு சொல்லில் அவ்வளவு நேர்ந்தால் காது உணராது. உரையாடல் நிறைந்த அத்தியாயத்தில் கங்காணியின் அதட்டலும் பிள்ளையின் முணுமுணுப்பும் மாறி மாறி வந்தால் அதட்டலெல்லாம் தட்டையாகும். அப்போது லிமிட்டரை நம்பாமல், அதட்டல் வரிகளை மட்டும் தேர்ந்து கையால் மூன்று நான்கு டெசிபல் இறக்கிவிட்டு, பிறகு முழு அத்தியாயத்தையும் அளப்பது நல்லது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் நடிப்பு பிழைக்கும்.

இத்தனையும் செய்தும் தேறாத அறைகள் உண்டு. பெக்டரிக்கு அடுத்த லயம், பஸ் ஏறும் வளைவை ஒட்டிய வீடு போன்றவற்றில் வடிகட்டிய பிறகும் இடைவெளி இருபதைத் தாண்டாவிட்டால், மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட இடத்தை மாற்றுவதே சரி. விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துப் புத்தக அறை, கோயில் மண்டபத்தை அடுத்த சாமான் அறை என்று ஓட்டுக்கூரையோ கொங்கிரீட் கூரையோ உள்ள, புத்தகமும் துணியும் அடைந்த சிறு அறை ஒன்று பெரும்பாலும் எந்தத் தோட்டத்துக்கு அருகிலும் கிடைக்கும். முப்பது விநாடிச் சோதனை அங்கே எண்ணைச் சொல்லிவிடும்.

விற்பனைக்குப் போகும் எம்பி3 வேறு, வைத்துப் பாதுகாக்க வேண்டிய பதிவு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலி ஆவணக் காப்பாளர்களின் உலக அமைப்பான ஐயாசா, பாதுகாப்புப் படிக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்கிறது. வடிகட்டியும் குறைப்பும் போடாத மூலப் பதிவுதான் அதற்கு உரியது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்த்துவருகிறது. அத்தகைய இடத்துக்கு ஒரு நாள் கொடுக்க நேர்ந்தால், விற்பனைக்காக நாம் நீக்கிய விசிறி ஓசையும் சில்வண்டும்கூட அங்கே இடத்தின் சாட்சியாக வேண்டியிருக்கும். ஆகவே பதிவை எப்போதும் 24 பிட்டில், உச்சம் −10 அளவில் நிற்குமாறு எடுத்து, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டுப் படியில் மட்டும் வேலை செய்ய வேண்டும். கோப்பின் பெயரில் தேதியும் வேளையும், கூடவே அந்த அமர்வின் முப்பது விநாடி அறையொலியும் இருந்தால், நான்கு மாதம் கழித்து ஒரு வரியைத் திருத்தி வாசிக்க நேரும்போது எந்த வேளைக்காகக் காத்திருக்க வேண்டும், மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.